குரூப் சாட் ஸ்க்ரீன்ஷாட்டுல இருந்து மினிட்ஸ் எடுக்கறது: யார், என்ன, எப்போ

ஒரு நீளமான குரூப் சாட் ஸ்க்ரீன்ஷாட்ட அனுப்பி "இத பாத்து மினிட்ஸ் போட்டுருங்க"ன்னு யாராவது சொன்னா நான் முதல்ல கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், இது யாரோட போன்ல எடுத்தது? ஏன்னா வாட்ஸப் குரூப்ல இடது பக்கம் வர்ற ஒவ்வொரு ஆளுக்கும் மேல பேர் இருக்கும், வலது பக்கம் பச்சையா வர்றதுக்கு பேரே இருக்காது, அது போன்காரர் பேசினது. "நான் அனுப்பிடறேன்"னு வலது பக்கம் இருந்தா அந்த "நான்" யாருன்னு படத்துக்குள்ள எங்கயும் எழுதியிருக்காது. யாராவது அவருக்கு பதில் போட்டு அவர் மெசேஜ கோட் பண்ணியிருந்தாலும் அந்த சின்ன பெட்டியில "You"ன்னுதான் வரும். ஸ்க்ரீன்ஷாட்ட எனக்கு அனுப்பினவரும் எடுத்தவரும் ஒரே ஆளா இருக்கணும்னு இல்ல, எங்க ஆபீஸ்ல பாதி நேரம் அது ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தர்கிட்ட போய்த்தான் என்கிட்ட வரும். அதனால இத கேட்டு தெரிஞ்சுக்காம ஒரு வரி கூட எழுதறதில்ல.

நான் திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனில ப்ளானிங் பாக்கறேன். இங்க மீட்டிங்னு தனியா உக்காந்து பேசறது கம்மி. மெர்ச்சண்டைசர், ஃபேப்ரிக், கட்டிங் மாஸ்டர், க்யூசி, ஸ்டோர், டாக்குமென்ட்ஸ்னு எல்லாரும் ஆளுக்கு ஒரு இடத்துல இருப்பாங்க, ஒருத்தர் டையிங்ல நிப்பாரு, இன்னொருத்தர் பிரிண்டிங் யூனிட்ல நிப்பாரு, முடிவெல்லாம் ஆர்டருக்கு ஒரு குரூப்னு போட்டு அதுலயேதான் நடக்கும். அந்த பேச்ச வேலைப் பட்டியலா மாத்தறது என் பொறுப்பு. குரூப்ல நாம இருந்தோம்னா `Export chat` போட்டு டெக்ஸ்ட் ஃபைலா எடுத்துக்கறது நல்லது, அதுல ஒவ்வொரு மெசேஜுக்கும் தேதி, நேரம், பேர் மூணும் சேந்து வந்துரும். ஆனா நிஜத்துல கைக்கு வர்றது ஸ்க்ரீன்ஷாட்தான், அதனால அத எப்படி படிக்கறதுன்னு எழுதறேன்.

ரெண்டாவதா பாக்கறது படம் எடுத்த தேதி. சாட்டுக்கு நடுவுல சாம்பல் கலர்ல "Yesterday", "Today"ன்னு சின்ன பட்டை வரும் பாருங்க, அது படம் எடுத்த அன்னைக்கு கணக்கு. நான் அத வெள்ளிக்கிழமை பாத்தாலும் படத்துல "Today"தான் இருக்கும். ஒரு வாரத்துக்குள்ள இருக்கற மெசேஜுக்கு கிழமை பேர் மட்டும் வரும், அதுக்கு முன்னாடி போனாத்தான் முழு தேதி வரும். அதனால படம் எடுத்த தேதிய ஆள்கிட்ட கேட்டு, முடிஞ்சா ஃபைல் பேர்லயே பாத்து (நிறைய போன்ல ஸ்க்ரீன்ஷாட் ஃபைல் பேர்லயே தேதியும் நேரமும் இருக்கும், வாட்ஸப்ல ஃபோட்டோவா அனுப்பினா அந்த பேர் மாறிரும்) ஒரு பேப்பர் மேல பெருசா எழுதி வச்சுக்குவேன். இந்த ஒரு தேதி தெரிஞ்சாத்தான் "நாளைக்கு", "வர்ற வெள்ளி", "செவ்வாய்க்குள்ள" எல்லாமே ஒரு தேதியா மாறும்.

மூணாவது, படத்த டாக்குமென்ட்டா அனுப்ப சொல்லிருவேன். நீளமா ஸ்க்ரோல் பண்ணி எடுத்த படத்த ஃபோட்டோவா அனுப்பினா வாட்ஸப் அத சுருக்கிரும், பெருசு பண்ணா எழுத்து கலங்கி 13ஆ 18ஆன்னு தெரியாது. தேதிய படிக்கத்தான் உக்காந்துருக்கோம், அதுவே கலங்கியிருந்தா பிரயோஜனம் இல்ல. அதே மாதிரி ஸ்க்ரோல் ஸ்க்ரீன்ஷாட்டுல ஒட்டு விழுற இடம் இருக்கும், அங்க ஒரு மெசேஜ் ரெண்டு தடவ வரலாம், இல்ல ஒண்ணு காணாம போகலாம். ஒருத்தர் வரிசையா நாலு மெசேஜ் போட்டா முதல் மெசேஜுக்கு மேலதான் பேரும் அந்த கூர் மாதிரி மூலையும் இருக்கும், மீதி மூணும் பேரில்லாம கீழ தொங்கும். ஒட்டு விழுற இடத்துல சரியா அந்த முதல் மெசேஜ் காணாம போயிருந்தா மீதி மூணும் மேல இருக்கற வேற ஆள் பேசின மாதிரியே தெரியும். நான் நேரத்த வச்சு பாப்பேன், 6:15க்கு அடுத்து 6:41 வந்து, ரெண்டாவதுக்கு கூரும் இல்லாம பேரும் இல்லாம இருந்தா நடுவுல ஏதோ விட்டுப்போயிருக்கலாம்னு அர்த்தம், அந்த இடத்த மட்டும் திரும்ப எடுத்து அனுப்ப சொல்லுவேன்.

இதோட "Read more"ன்னு முடியற நீள மெசேஜ், செகண்டு மட்டும் தெரியற வாய்ஸ் நோட்டு, அழிச்ச மெசேஜ், அப்புறம் "Edited"ன்னு போட்டது, இது எல்லாத்துக்கும் ஒரு வட்டம் போட்டு வச்சுக்குவேன். இதெல்லாம் உள்ள என்ன இருக்குன்னு படத்துல தெரியாத இடங்க. அங்க நாமளா எதையும் நிரப்பக்கூடாது.

இனிமேதான் படிக்கறது. எல்லாரும் பண்றது என்னன்னா மேல இருந்து படிச்சிட்டே வர்றப்ப வேலை மாதிரி தெரியறத எல்லாம் பட்டியல்ல ஏத்திடுவாங்க. நான் அப்படி பண்றதில்ல, முதல் தடவ முழுசா எதுவும் எழுதாம படிச்சிருவேன், ஏன்னா மேல பேசினத கீழ மாத்தியிருப்பாங்க. ரெண்டாவது தடவ ஒவ்வொரு கேள்விய, ஒவ்வொரு "இத பண்ணணும்"ங்கறத எடுத்துக்கிட்டு அது கீழ எங்க போய் முடியுதுன்னு மட்டும் தொடர்ந்து போவேன். அதுக்கு நடுவுல வர்ற வேற பேச்ச கண்டுக்க மாட்டேன். ஒரு குரூப்ல ஒரே நேரத்துல மூணு பேச்சு ஓடும், அத வரிசையா படிச்சா பதில் தப்பான கேள்விக்கு போய் ஒட்டிக்கும்.

ஒரு வேலை ஒருத்தர் பேர்ல ஏறணும்னா எனக்கு ரெண்டு வேணும், ஒருத்தர் கேட்டிருக்கணும், இன்னொருத்தர் ஒத்துக்கிட்டிருக்கணும். தானா முன்வந்து "நான் பண்றேன்"னு சொன்னா அந்த ஒண்ணே போதும். கேட்டதோட நின்னுருந்தா அது வேலைதான், ஆனா ஆள் இல்லாத வேலை. இங்கதான் நம்ம பேச்சோட வினைமுடிவு ரொம்ப உதவும். "பண்ணிடறேன்"னா ஆள் இருக்கு, பேசினவரேதான். "பண்ணிடறோம்"னா டிபார்ட்மென்ட்டு ஒத்துக்கிச்சு, ஆள் யாருன்னு கேக்கணும். "பண்ணிடலாம்"னா யாரும் ஒத்துக்கல, நல்ல யோசனைன்னு சொல்லியிருக்காங்க, அவ்வளவுதான். "பண்ணணும்"னா தேவை மட்டும் இருக்கு. "சொல்லிருக்கேன்"னா வேலைய வேற யார்கிட்டயோ விட்டிருக்காரு, அந்த ஆள் குரூப்லயே இல்லாம இருக்கலாம். எங்க பக்கம் "ஆகட்டுங்க"ன்னு ஒண்ணு சொல்லுவாங்க, அது ஒத்துக்கிட்டதாவும் இருக்கும், கேட்டுக்கிட்டேன்ங்கறதாவும் இருக்கும், அத மட்டும் வச்சு நான் பேர் போடறதில்ல.

இப்ப ஒரு நிஜமான மாதிரிய எடுத்துக்கலாம். ஆர்டர் விவரத்தையும் பேசினதையும் கொஞ்சம் மாத்தியிருக்கேன், ஆள் பேருக்கு பதிலா வேலை பேரயே போட்டிருக்கேன். குழந்தைங்க டீஷர்ட், 6000 பீஸ், நேவி, ரெட், கிரே மெலாஞ்ச்னு மூணு கலர். ஃபேக்டரிய விட்டு கிளம்ப வேண்டிய தேதி 2025 மார்ச் 29, சனிக்கிழமை. படம் எடுத்தது மார்ச் 12 புதன் காலைல, மெர்ச்சண்டைசர் போன்ல. அப்ப "Yesterday"னா 11ஆம் தேதி செவ்வாய்.

செவ்வாய் சாயந்தரம் 6:12க்கு எம்டி சார் ஆரம்பிக்கறாரு, "நேவி லேப் டிப் என்னாச்சு". லேப் டிப்னா டையிங்ல பல்க்கா சாயம் போடறதுக்கு முன்னாடி சின்ன துண்டுல போட்டு ஏ, பி, சின்னு சில ஷேடு பையருக்கு அனுப்புவாங்க, அதுல ஒண்ண அவங்க ஓகே பண்ணணும். 6:14க்கு வலது பக்கம், அதாவது மெர்ச்சண்டைசர், "பி ஓகே சொல்லிட்டாங்க சார், மெயில் வந்துருச்சு, அண்ணா பல்க்குக்கு விட்டுரலாம்". 6:15க்கு ஃபேப்ரிக் அண்ணா, "சரிங்க, நாளைக்கு டையிங்ல பேசிடறேன்". 6:20க்கு சார், "பேசறது இருக்கட்டும், துணி எப்ப உள்ள வரும்". 6:24க்கு ஃபேப்ரிக் அண்ணா, "செவ்வாய்க்குள்ள வந்துருமுங்க".

இந்த அஞ்சு வரியில மூணு விஷயம் இருக்கு. நேவி பி ஷேடு ஓகேங்கறது முடிவு, யாரும் செய்ய வேண்டிய வேலை இல்ல, அது முடிவுகள் பகுதிக்கு போகும். டையிங்ல பேசறது வேலை, தேதி "நாளைக்கு", சொன்னது 11, அதனால 12. ஆனா சாருக்கு வேண்டியது அது இல்ல, துணி உள்ள வர்றது. அதனால பட்டியல்ல ஏற வேண்டியது "நேவி துணி ஃபேக்டரிக்கு உள்ள வந்திருக்கணும்", தேதி 18 செவ்வாய் (செவ்வாய்க்கிழமை சாயந்தரம் உக்காந்து "செவ்வாய்க்குள்ள"ன்னு சொன்னா அடுத்த செவ்வாய்தான், அன்னைக்கே இல்ல). "வந்துரும்"ங்கறதுல ஆள் இல்ல, துணிதான் வருது, ஆனா சார் கேட்டது அவர்கிட்ட, பதில் சொன்னதும் அவர், அதனால பொறுப்பு ஃபேப்ரிக் அண்ணாதான். டையிங்ல பேசறத தனி வரியா போடலாமா வேண்டாமான்னா, நான் போடுவேன், ஏன்னா 12ஆம் தேதி பேசலைன்னா 18 போயிருச்சுன்னு அன்னைக்கே தெரிஞ்சிரும், 18 வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல.

6:31க்கு மெர்ச்சண்டைசர், "வாஷ் கேர் லேபிள் ஆர்ட்வொர்க்ல சைஸ் தப்பா இருக்கு, மாத்தணும்". அந்த மெசேஜ் அடியில ஒரு 👍 இருக்கு. 6:33க்கு க்யூசி அண்ணா, "ஆமா நானும் பாத்தேன்". 6:40க்கு சாரோட வாய்ஸ் நோட்டு, 52 செகண்டு. 6:42க்கு ஸ்டோர் தம்பி, "ஓகே சார்".

இங்கதான் ரொம்ப பேர் பேர் போட்டுருவாங்க. லேபிள்னா ட்ரிம்ஸ், அதாவது துணி தவிர சட்டைல வர்ற மத்த சாமான், ட்ரிம்ஸ்னா ஸ்டோர், தம்பி ஓகே சொல்லிட்டாரு, அதனால "லேபிள் ஆர்ட்வொர்க் மாத்தணும் - ஸ்டோர்"னு. படிக்கறப்ப அவ்வளவு பொருத்தமா இருக்கும். ஆனா படத்துல இருக்கறது என்னன்னு மட்டும் பாருங்க. "மாத்தணும்"ல ஆள் இல்ல. 👍 போட்டது யாருன்னு ஸ்க்ரீன்ஷாட்டுல தெரியாது, போன்ல அத தொட்டு பாத்தாத்தான் பேர் வரும். க்யூசி அண்ணா பாத்தேன்னு சொன்னாரு, பண்றேன்னு சொல்லல. தம்பி சொன்ன ஓகே வாய்ஸ் நோட்டுக்கு, அதுல என்ன பேசினாங்கன்னு நமக்கு தெரியாது. அதனால ஆள் இடம் காலி, தேதி இடமும் காலி, வாய்ஸ் நோட்டு கேக்கற பட்டியல்ல.

6:50க்கு மெர்ச்சண்டைசர், "ரெட் பிபி சாம்பிள் வெள்ளிக்கிழமை கூரியர் போயாகணும், அண்ணா பாத்துக்கங்க". பிபி சாம்பிள்னா பல்க் துணி, பல்க் ட்ரிம்ஸ் வச்சு தைச்சு பையருக்கு கடைசியா காட்டற சாம்பிள், அது ஓகே ஆனாத்தான் கட்டிங் போடலாம். ரெட் துணி ஏற்கனவே வந்துருச்சு, அதனால ரெட்ல தைக்கறாங்க. இந்த குரூப்ல அண்ணா ரெண்டு பேர், ஃபேப்ரிக் அண்ணா, க்யூசி அண்ணா. எந்த அண்ணான்னு அந்த வரியில இல்ல. 6:52க்கு க்யூசி அண்ணா அதே மெசேஜ கோட் பண்ணி போடறாரு, "தைச்சு வந்துட்டா வியாழன் சாயந்தரம் மெஷர்மென்ட் செக் பண்ணி குடுத்துடறேன்". கோட் பண்ணதால எந்த அண்ணான்னு தெரிஞ்சிருச்சு. ஆனா அவர் ஒத்துக்கிட்டது என்ன? கூரியர் அனுப்பறத இல்ல, அளவு செக் பண்றத. தேதியும் வெள்ளி இல்ல, வியாழன் 13. அதுவும் "தைச்சு வந்துட்டா". அப்ப தைக்கறது யாரு, கூரியர் போடறது யாரு? ரெண்டுக்கும் பதில் இல்ல. ஒரு வரி கேட்டதுக்குள்ள மூணு வேலை இருக்கு, அதுல ஒண்ணுக்குத்தான் ஆள் கெடச்சிருக்கு. "பிபி சாம்பிள் - க்யூசி - வெள்ளி"ன்னு ஒரே வரியா போட்டோம்னா, வெள்ளி சாயந்தரம் சாம்பிள் போகலைன்னா க்யூசி அண்ணாவ கேப்பாங்க, அவர் சொன்னதே வேற. அந்த மாதிரி மினிட்ஸ் ரெண்டு தடவ வந்துருச்சுன்னா அப்புறம் யாரும் குரூப்ல வாய் திறந்து எதையும் ஒத்துக்க மாட்டாங்க, வெறும் 👍தான் போடுவாங்க. நான் ஆள் இடத்துல இவ்வளவு கறாரா இருக்கறதுக்கு காரணமே அதுதான்.

6:58க்கு கட்டிங் மாஸ்டர், "கட்டிங் எப்ப போடறதுங்க". 7:01க்கு மெர்ச்சண்டைசர், "பிபி அப்ரூவல் வந்த மறுநாள் மாஸ்டர்". 7:02க்கு மாஸ்டர், "சரி". இதுல எப்பங்கறது இருக்கு, ஆனா தேதி இல்ல. வெள்ளி அனுப்பினா அடுத்த வாரம் அப்ரூவல் வரும், அப்ப 20ஆம் தேதின்னு நாமளா போடக்கூடாது. "பிபி அப்ரூவல் வந்த மறுநாள்"னு அப்படியே எழுதணும். 20ன்னு போட்டா மாஸ்டர் அப்ரூவல் வந்துச்சா இல்லையான்னு பாக்காம 20ஆம் தேதி துணிய விரிச்சுருவாரு, வெட்டின துணிய திரும்ப ஒட்ட முடியாது. அந்த வரி பக்கத்துல அப்ரூவல் வந்ததும் மாஸ்டருக்கு மெர்ச்சண்டைசர் சொல்லுவாங்களான்னு ஒரு கேள்வியும் போடுவேன், ஏன்னா மெயில் அவங்களுக்குத்தான் வரும்.

7:10க்கு சார், "27 இன்ஸ்பெக்‌ஷன் புக் பண்ணிடுங்க". 7:12க்கு டாக்குமென்ட்ஸ் அக்கா, "பண்ணிடறேன் சார்". அடுத்து "Today" பட்டை. காலைல 9:05க்கு சார், "ஃபார்வர்டர் ஒரு நாள் முன்னாடி கேக்கறாங்க, 28 கிளம்பணும், இன்ஸ்பெக்‌ஷன் 26 ஆக்கிடுங்க". ஃபார்வர்டர்னா சரக்க ஏத்தி அனுப்பற ஏஜென்ட். அக்கா அதுக்கு பதில் போடல.

இங்க கவனிக்க வேண்டியது, 27ங்கறது இன்ஸ்பெக்‌ஷன் நடக்கற தேதி, புக் பண்ணி முடிக்க வேண்டிய தேதி இல்ல. வாக்கியத்துல ஒரு தேதி கண்ணுல பட்டதும் அத டெட்லைன் கட்டத்துல போடறது ரொம்ப சுலபமா நடக்கற தப்பு. டெட்லைன்ல 26ன்னு இருந்தா அக்கா 26ஆம் தேதி வரைக்கும் டைம் இருக்குன்னு நெனச்சா அவங்க மேல குத்தமே இல்ல. ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு உற்பத்தி முழுசா முடிஞ்சு, பொதுவா 80 சதவீதமாவது பேக் ஆகியிருக்கணும், இன்ஸ்பெக்டர் வர்ற நாள முன்னாடியே வாங்கி வச்சிருக்கணும், அதனால புக்கிங் தேதி தனியா வேணும், அது சாட்ல இல்ல, கேக்கணும். அப்புறம் அக்கா ஒத்துக்கிட்டது 27க்கு, 26க்கு இல்ல. வேலை அவங்களோடதுதான், ஆனா மாத்தினத பாத்தாங்களான்னு உறுதி ஆகல. கிளம்பற தேதி 29ல இருந்து 28 ஆனது முடிவு, அது மேல போகணும், ஏன்னா எல்லாரோட கணக்கும் அதுல இருந்துதான்.

கடைசியா 9:20க்கு ஃபேப்ரிக் அண்ணா ஒரு மெசேஜ் போட்டு அழிச்சிருக்காரு. 9:21க்கு அவரே, "புதன்கிழமைதான்ங்க". எதுக்கும் கோட் பண்ணல. நேவி துணி செவ்வாய்ல இருந்து புதனுக்கு போயிருச்சா, 19ஆ? இல்ல டையிங்ல பேசறது இன்னைக்கு புதன்தான்னு சொல்றாரா? ரெண்டுக்கும் பொருந்துது. ஒரு நாள் வித்தியாசம்தான், ஆனா கிளம்பறது 28க்கு வந்துருச்சு, இப்ப ஒவ்வொரு நாளும் கணக்கு. அதனால 18னே வச்சுட்டு பக்கத்துல கேள்வி போடுவேன்.

இத ஷீட்ல போடறப்ப வேலை, ஆள், தேதின்னு மூணு கட்டத்தோட நாலாவதா ஒரு கட்டம் கண்டிப்பா வைப்பேன், அந்த மெசேஜோட தேதியும் நேரமும். எங்க ஆபீஸ்ல ஆரம்பத்துல இது எதுக்குன்னு கேட்டாங்க. "நான் எப்ப சொன்னேன்"னு ஒருத்தர் கேட்டா நான் வாதாட வேண்டியதில்ல, 11/3 சாயந்தரம் 6:52 பாருங்கன்னு சொல்லிடலாம், அவரே போன்ல தேடி பாத்துக்குவாரு. நேரம் போட முடியாத வரின்னா அது சாட்ல இல்லாதது, நானா சேத்தது, அத அந்த இடத்துலயே தூக்கிருவேன்.

குரூப்ல திருப்பி போடறப்ப டேபிளா போட மாட்டேன், போன்ல கட்டம் ஒடஞ்சு படிக்கவே முடியாது. சாதா வரியா, இப்படி:

முடிவு: நேவி லேப் டிப் பி ஓகே (11/3, 6:14). கிளம்பற தேதி 29 இல்ல, 28 மார்ச் வெள்ளி (12/3, 9:05).

ஃபேப்ரிக்: நேவி பி ஷேடு பல்க்குக்கு டையிங்ல சொல்றது, 12/3 புதன் (11/3, 6:15).
ஃபேப்ரிக்: நேவி துணி ஃபேக்டரிக்கு உள்ள, 18/3 செவ்வாய் (11/3, 6:24). இன்னைக்கு 9:21க்கு புதன்னு போட்டது இதுக்கா? அப்படின்னா 19ஆ?
க்யூசி: ரெட் பிபி மெஷர்மென்ட் செக், 13/3 வியாழன் சாயந்தரம், தைச்சு வந்தா (11/3, 6:52).
மாஸ்டர்: கட்டிங் ஆரம்பம், பிபி அப்ரூவல் வந்த மறுநாள் (11/3, 7:02). அப்ரூவல் வந்ததும் மெர்ச்சண்டைசர் சொல்லுவாங்களா?
டாக்குமென்ட்ஸ்: இன்ஸ்பெக்‌ஷன் புக்கிங், நடக்கற நாள் 26/3 புதன் (11/3, 7:12, மாத்தினது 12/3, 9:05). அக்கா 26 ஓகேவா? எப்பக்குள்ள புக் ஆகும்?

ஆள் இல்ல: ரெட் பிபி தைக்கறது, வியாழன் சாயந்தரத்துக்கு முன்னாடி, 11/3 6:52 மெசேஜ்ல இருந்து. ரெட் பிபி கூரியர், 14/3 வெள்ளி (11/3, 6:50). வாஷ் கேர் லேபிள் ஆர்ட்வொர்க் திருத்தறது, தேதியும் இல்ல (11/3, 6:31).
தெரியணும்: சாரோட 6:40 வாய்ஸ் நோட்டு எதப் பத்தி?

ஆள் வாரியா போட்டிருக்கேன் பாருங்க, தேதி வாரியா இல்ல. குரூப்ல படிக்கறவங்க தன் பேரத்தான் தேடுவாங்க, ஷீட்ல எனக்கு தேதி வாரியா இருக்கும், அது ஃபாலோ பண்றதுக்கு. ஒரு வரிக்கு ஒரு ஆள்தான், "ஃபேப்ரிக் / மெர்ச்சண்டைசர்"னு கோடு போட்டு ரெண்டு பேர் எழுதினா ரெண்டு பேரும் மத்தவர் பாத்துக்குவாருன்னு இருப்பாங்க. பேர போடறப்ப @ போட்டு டேக் பண்ணுவேன், குரூப்ப மியூட் பண்ணி வச்சிருக்கறவங்களுக்கும் சத்தம் போகட்டும்னு. வேலைய எழுதறப்ப "ஃபாலோ அப்", "கோஆர்டினேட்" மாதிரி வார்த்தைய போடவே மாட்டேன், முடிஞ்சுதா இல்லையான்னு பாத்து சொல்ற மாதிரி இருக்கணும். துணி உள்ள வந்துச்சா, வந்துருச்சு, இல்ல வரல. டையிங்ல ஃபாலோ அப் நடக்குதான்னு கேட்டா எப்பவும் நடக்குதுன்னுதான் பதில் வரும்.

காலியா விட்ட இடத்த பாத்து முன்னாடி ஒருத்தர் என்கிட்ட கேட்டாரு, இவ்வளவு கேள்வியோட அனுப்பினா மினிட்ஸ் அரைகுறையா தெரியாதான்னு. என் அபிப்பிராயம் நேர் எதிரா இருக்கு. அந்த காலி இடங்கதான் அந்த பட்டியல்ல ரொம்ப வேலை செய்யறது. இந்த ஆர்டர்ல என்ன ஆச்சுன்னா, போட்ட கொஞ்ச நேரத்துலயே பதில் வர ஆரம்பிச்சிருச்சு. ஃபேப்ரிக் அண்ணா, புதன்னு சொன்னது துணிக்குத்தான், 19தான் வரும்னாரு, டையிங்ல முன்னாடியே வேற லாட்டு ஓடிட்டு இருந்துச்சாம். சார் வாய்ஸ் நோட்டுல பேசினது லேபிள பத்திதான், ஆனா ரெண்டு பேருக்கு தனித்தனியா சொல்லியிருக்காரு. ஆர்ட்வொர்க்க திருத்தி 13ஆம் தேதிக்குள்ள பையருக்கு அனுப்பறது மெர்ச்சண்டைசர். ஸ்டோர் தம்பிக்கு சொன்னது, லேபிள் பிரிண்டிங்குக்கு குடுத்த ஆர்டர உடனே நிறுத்தி வைக்கணும்னு. தம்பி ஓகே சொன்னது அதுக்குத்தான். அவர் பேர்ல ஆர்ட்வொர்க்க எழுதியிருந்தா மெர்ச்சண்டைசர் தம்பி பாத்துக்குவாருன்னு விட்டிருப்பாங்க, தம்பிக்கு அந்த ஆர்ட்வொர்க் ஃபைலே கைல இல்ல.

தைக்கறதுக்கு ஆள் கேட்டதுல இன்னொண்ணும் வெளிய வந்துச்சு. சாம்பிளிங் டெய்லர் குரூப்லயே இல்ல, அவருக்கு யாரும் சொல்லவே இல்ல. சாட்ட எத்தன தடவ படிச்சாலும் அது தெரிஞ்சிருக்காது, ஏன்னா அவர் பேரே அதுல வரல. மெர்ச்சண்டைசர் உடனே கீழ இறங்கி போய் ரெட் துணிய எடுத்து குடுத்து, வியாழன் மதியத்துக்குள்ள வேணும்னு சொல்லிட்டு வந்தாங்க, கூரியரையும் அவங்களே எடுத்துக்கிட்டாங்க. அப்ரூவல் வந்தா மாஸ்டருக்கு போன் பண்ணியே சொல்லிடறேன்னு அதையும் சேத்துக்கிட்டாங்க.

டாக்குமென்ட்ஸ் அக்காகிட்ட இருந்து மட்டும் மதியம் வரைக்கும் பதில் இல்ல. பதில் வரலைன்னா ஒத்துக்கிட்டதா எடுத்துக்கறது சில கம்பெனில வழக்கம், "சாயந்தரத்துக்குள்ள யாரும் மறுக்கலைன்னா இதுவே ஃபைனல்"னு கீழ ஒரு வரி போட்டுருவாங்க. சின்ன வேலைக்கு அது சரி, தேதி மாறின வேலைக்கு நான் அத வைக்கறதில்ல, நேரா போன் பண்ணிடுவேன். போன் பண்ணேன், அவங்க 27க்கு மெயில் அடிச்சு வச்சிருந்தாங்க, காலைல 9:05 மெசேஜ பாக்கவே இல்ல, பேங்க்ல இருந்திருக்காங்க. 26க்கு மாத்தி திரும்ப மெயில் போட்டு, இன்ஸ்பெக்‌ஷன் ஏஜென்சி கன்ஃபர்ம் பண்றத 14 வெள்ளிக்குள்ள வாங்கிடறேன்னாங்க. அந்த 14தான் டெட்லைன் கட்டத்துக்கு போச்சு, 26 வேலைய விவரிக்கற வரியிலயே இருந்துச்சு. நேரம் கட்டத்துல "12/3, போன்ல"ன்னு எழுதிட்டு, அதையே குரூப்ல ஒரு வரி போட சொன்னேன், அவங்களும் போட்டாங்க.

எல்லா பதிலும் வந்தப்புறம் பழைய மெசேஜ எடிட் பண்ணாம புதுசா ஒரு தடவ முழு பட்டியலயும் போடுவேன், மேல "திருத்தினது, 12/3 மதியம்"னு. வாட்ஸப்ல எடிட் பண்றதுக்கு 15 நிமிஷம்தான் இருக்கு, அதுவும் போக எடிட் பண்ணா மத்தவங்களுக்கு சத்தமே போகாது, காலைல படிச்சவங்க 18னே நெனச்சுட்டு இருப்பாங்க. பழசும் புதுசும் ரெண்டும் குரூப்ல கிடக்கட்டும், துணி எப்ப 18ல இருந்து 19 ஆச்சுன்னு அப்புறம் யாராவது கேட்டா காட்டறதுக்கு அது வேணும். ஸ்க்ரீன்ஷாட் ஃபைலயும் ஆர்டர் நம்பர், படம் எடுத்த தேதி, யார் போன்னு மூணையும் பேரா வச்சு ஷீட் இருக்கற ஃபோல்டர்லயே போட்டுருவேன், ஷிப்மென்ட் போய் பையர் பேமென்ட் வர்ற வரைக்கும் அத அழிக்கறதில்ல.